ஸ்டீவியா இயற்கையோ? பச்சை இலை வெள்ளைத் தூளாகிற வழி

கோண்டாவில் மகள், 2024 பெப்ரவரி 4

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து ஒன்பது வருசம். சோறு குறைக்கச் சொன்னால் குறைப்பா, மாம்பழத்தைக் கூட விட்டிட்டா. தேத்தண்ணி மட்டும் இனிக்க வேணும். அதுக்காகக் கடையிலை ஸ்டீவியாப் பெட்டி ஒண்டு வாங்கினன். பெட்டியிலை பெரிசாப் பச்சை இலைப் படம், கீழை "100 வீதம் இயற்கை" எண்டு போட்டிருக்கு.

வீட்டிலையும் ஸ்டீவியாச் செடி நிக்குது. போன வருசம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நாற்றுமேடையிலை எடுத்து நாலு சாடியிலை வைச்சன். இலையைக் கிள்ளி மென்றால் முதல் இனிப்பு, பிறகு புல்லுக் கசப்பு, கடைசியிலை தொண்டைக்குள்ளை அதிமதுரம் மாதிரி ஒரு இழுவை. கொதிதண்ணியிலை போட்டால் தண்ணி மண்ணிறமாகுது. பெட்டிக்குள்ளை இருக்கிறதோ உப்பு மாதிரி வெள்ளை, இலை வாசமே இல்லை.

பச்சை இலை ஒண்டும் செய்யாமல் வெள்ளையாகாது. வெளுத்திருக்கினம் எண்டுதான் நான் நினைக்கிறன், அப்பிடியெண்டால் இதை இயற்கை எண்டு சொல்லக்கூடாது. என்ன போட்டு வெளுக்கினம் எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

மருந்துக்கடைத் தம்பி, 2024 பெப்ரவரி 4

அக்கா, நீங்கள் நினைச்சது சரி. மெதனோல் போட்டு எடுத்துப் பிறகு பிளீச் பண்ணுறவை. மெதனோல் எண்டால் கசிப்பிலை கலந்து கண் போற சாமான். அம்மாவுக்குக் குடுக்காதேங்கோ.

நல்லூர் பெரியப்பா, 2024 பெப்ரவரி 5

எனக்கும் இருவது வருசமாச் சலரோகம். ஸ்டீவியா இலை தின்றால் சீனி இறங்குமெண்டு ஒரு ஆள் சொன்னது. நான் ஒரு கிழமையாக் காலையிலை அஞ்சு இலை மெல்லுறன். மெட்போமின் குளிசையைப் பாதியாக்கலாமோ?

கோண்டாவில் மகள், 2024 பெப்ரவரி 5

பெரியப்பா, குளிசையிலை கை வையாதேங்கோ. நான் கேட்டது தூள் எப்பிடி வருகுது எண்டுதான். இலை சீனிக்குப் பதிலா நிக்கும், குளிசைக்குப் பதிலா நிக்காது. கிளினிக்குக்குப் போகேக்கை இலை மெல்லுறதையும் சொல்லுங்கோ, மறைக்க வேண்டாம்.

தம்பி, மெதனோல் எண்டு சொன்னதிலை இரவு முழுக்க நித்திரை இல்லை. அம்மா மூண்டு மாதமாக் குடிக்கிறா. எங்கை வாசிச்சனீங்கள்?

ஓய்வுபெற்ற இரசாயனி, கொக்குவில், 2024 பெப்ரவரி 6

தங்கச்சி, நித்திரையைக் கெடுக்க வேண்டாம். நான் வெளிநாட்டில் மூலிகைச் சாறு எடுக்கும் ஒரு தொழிற்சாலையின் தரப்பரிசோதனையில் பதினொரு வருடம் நின்றவன். அதில் நாலு வருடம் ஸ்டீவியாதான். கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

காய்ந்த இலை சாக்கில் வரும். முதல் வேலை வெந்நீரில் ஊறவைப்பது. கொதிநீர் இல்லை, கை வைத்தால் சுடுகிற அளவு, ஐம்பது அறுபது பாகை. வேகமாகக் கொதிக்கவிட்டால் இனிப்போடு நிறமும் துவர்ப்பும் அதிகம் இறங்கிவிடும், பிறகு அதை எடுக்கப் படாத பாடு படவேணும். வடித்தால் கடும் தேநீர் போல ஒரு சாறு கிடைக்கும். அதற்குள் இனிப்பு மட்டும் இல்லை. இலைப் புரதம், பசைப்பொருள், துவர்ப்பு, நிறம், உப்புகள் எல்லாம் உண்டு.

அடுத்தது சுண்ணாம்பு. நீற்றின சுண்ணாம்பைக் கலக்கினால் புரதமும் பசையும் நிறத்தில் ஒரு பங்கும் அதோடு சேர்ந்து திரியும். திரிந்த பால் மாதிரித் துகள் துகளாகி அடியில் படியும். சில இடங்களில் இரும்பு உப்பும் சேர்ப்பார்கள். வடித்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீர். இனிப்பு முழுவதும் அந்த நீரில்தான் நிற்கும்.

மூன்றாவது படிதான் முக்கியம். சவ்வரிசி போன்ற சின்ன ரெசின் மணிகள் நிரப்பின உயரமான குழாய் ஒன்றின் ஊடாக அந்த மஞ்சள் நீரை விடுவார்கள். ஸ்டீவியா இனிப்பின் மூலக்கூறு விசித்திரமானது. நடுவில் எண்ணெய்த் தன்மையான ஓர் உடம்பு, இரு பக்கமும் குளுக்கோஸ் கைகள். உடம்பு ரெசினில் ஒட்டிக்கொள்ளும். உப்பும் சாதாரணச் சர்க்கரைகளும் ஒட்டாமல் கீழே ஓடிவிடும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, கடைசியில் எதனோல் கலந்த தண்ணீரை விட்டால் ஒட்டின இனிப்புக் கழன்று வரும். அந்த எதனோலைக் காய்ச்சி எடுத்து அடுத்த தடவைக்கு வைப்பார்கள்.

குழாய் நிரம்பிவிட்டதை எப்படி அறிவது? கீழே வழிகிற தண்ணீர் இனிக்கத் தொடங்கும். கருவி இருந்தது, ஆனாலும் பழைய ஆட்கள் விரலால் தொட்டு நாக்கில் வைப்பார்கள். ஒரு இரவு ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று மணித்தியாலம் இனிப்பு முழுக்கக் கானுக்குள் போனது. விடியப் போய் நான்தான் கண்டுபிடித்தேன். அந்தக் கானோரம் எறும்பு ஒன்றும் வரவில்லை என்பது இன்னும் நினைவில் நிற்கிறது.

பிறகு கரி. பிளீச் இல்லை தம்பி, கரி. எங்கள் நாட்டிலிருந்து சிரட்டைக்கரி ஏற்றுமதியாகிறது அல்லவா, அதையே உயர்ந்த சூட்டில் நீராவி விட்டு நுண்துளை ஆக்கினால் நிறத்தை உறிஞ்சுகிற கரி கிடைக்கும். அது நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளுப்பது என்றால் நிறப்பொருளை இரசாயனத்தால் உடைப்பது. இங்கே உடைப்பு இல்லை, பிரிப்புத்தான்.

கடைசியில் எதனோலிலோ மெதனோலிலோ கரைத்துக் குளிரவிட்டுப் பளிங்காக்குவார்கள். அழுக்கு கரைசலில் நிற்கும், இனிப்பு வெள்ளைப் பளிங்காக இறங்கும். தம்பி சொன்ன மெதனோல் இந்த இடத்தில் வருவதுதான், அதில் பொய் இல்லை. ஆனால் உலர்த்தின பிறகு மிஞ்சக்கூடியது கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்குள் என்று சர்வதேச உணவுச் சேர்க்கை நிபுணர் குழு கட்டுப்படுத்தியிருக்கிறது. அம்மா ஒரு நாளைக்கு அரைக் கிராம் தூய இனிப்பு எடுத்தால், உச்ச அளவு மிஞ்சியிருந்தால் கூட ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. ஒரு கோப்பை தோடம்பழச் சாறில் இயல்பாக அதைவிட எத்தனையோ மடங்கு உண்டு.

மருந்துக்கடைத் தம்பி, 2024 பெப்ரவரி 6

ஐயா, பிளீச் எண்டு எழுதினது பிழை, நான் அதை ஒரு காணொளியிலை கேட்டனான். மெதனோல் சரி எண்டு சொன்னதுக்கு நன்றி. ஆனால் ரெசின், அற்ககோல், கரி எல்லாம் போட்ட பிறகும் "100 வீதம் இயற்கை" எண்டு பெட்டியிலை போடுறதை நான் ஏற்கமாட்டன்.

வடமராட்சிப் பனை, 2024 பெப்ரவரி 7

இதுக்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? எங்கடை பனங்கட்டி இருக்கு. மரத்திலை இருந்து முட்டிக்கு, முட்டியிலை இருந்து தாச்சிக்கு, தாச்சியிலை இருந்து குட்டானுக்கு. அதுதான் இயற்கை. என்ரை அப்பு கடைசிவரை அதைத்தான் கடிச்சுத் தேத்தண்ணி குடிச்சவர்.

கோண்டாவில் மகள், 2024 பெப்ரவரி 7

பனை அண்ணை, பனங்கட்டியிலை எனக்கும் ஆசைதான். ஆனால் அதிலை பெரும்பங்கு சீனிதானே, அம்மாவுக்கு அது ஏலாது.

இன்னொண்டு. முட்டிக்கு உள்ளுக்குச் சுண்ணாம்பு தடவாமல் கட்டினால் காலமை கருப்பநீரோ கள்ளோ இறங்கும்? சுண்ணாம்பு போட்டு, நெருப்பிலை காய்ச்சி, தண்ணியைப் போக்கித்தான் பனங்கட்டி வருகுது. அதை நாங்கள் ஒருத்தரும் செயற்கை எண்டு சொல்லுறேல்லை. ஐயா சுண்ணாம்பு எண்டு எழுதினதை வாசிச்ச உடனை எனக்கு அப்புவின்ரை முட்டிதான் கண்ணுக்கு முன்னாலை வந்தது. அப்ப "இயற்கை" எண்ட கோட்டை எந்த இடத்திலை போடுறது? ஞாயிற்றுக்கிழமை எழுதினதிலை இருந்த உறுதி இப்ப என்னட்டை இல்லை.

ஓய்வுபெற்ற இரசாயனி, 2024 பெப்ரவரி 8

சீனி ஆலையிலும் கரும்புச் சாறுக்குச் சுண்ணாம்பு போட்டுத்தான் தெளிய வைக்கிறார்கள். முட்டியில் சுண்ணாம்பின் வேலை வேறு, அங்கே அது புளிக்க விடாமல் தடுக்கிறது. ஸ்டீவியாவிலும் கரும்பிலும் அது அழுக்கைத் திரட்டுகிறது. பொருள் ஒன்று, வேலை இரண்டு.

கோண்டாவில் மகள், 2024 பெப்ரவரி 11

செய்து பார்த்தன். எழுதிறன், பிழை இருந்தால் திருத்துங்கோ.

நாலு சாடியிலையும் இருந்த இலையை உருவிப் போன கிழமை நிழலிலை காய வைச்சனான். நூறு கிராமுக்குக் கிட்ட இருந்த பச்சை இலை காய்ஞ்சு 20 கிராமாச்சு. விரலாலை நொறுக்கி 400 மில்லி வெந்நீரிலை ஒரு மணித்தியாலம் மூடி வைச்சு, பழைய வேட்டித் துணியாலை வடிச்சன். நல்ல கறுத்த தேத்தண்ணி நிறம். வாசம் வைக்கோல் மாதிரி.

பாதியை அப்பிடியே எடுத்து வைச்சன். மற்றப் பாதிக்குள்ளை வெத்திலைச் சுண்ணாம்பைத் தண்ணியிலை கரைச்சு ஊத்தினன். முதல் அரைக் கரண்டியோடை நிறம் மாறி, மஞ்சள் தூக்கலாக் கடும் நிறமாச்சு. பழுதாப் போச்சு எண்டு நினைச்சன். இன்னும் கொஞ்சம் விட்டுக் கலக்கிப்போட்டு அடுப்படி யன்னல்லை வைச்சிட்டுக் கோயிலுக்குப் போனன். வந்து பார்த்தால் போத்தலின்ரை அடியிலை மூண்டு விரல் உயரத்துக்கு மண்ணிறத் துகள் படிஞ்சிருக்கு, மேலை இருக்கிறது தேன் நிறத்திலை கண்ணாடி மாதிரித் தெளிவு. யன்னல் கம்பி அதுக்குள்ளாலை தெரிஞ்சது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினன். "உதென்னடி, அழுக்குத் தண்ணி தன்ரை பாட்டிலை தெளியுது" எண்டு கன நேரம் பார்த்துக்கொண்டு நிண்டா.

நுனி நாக்கிலை ஒரு துளி வைச்சன். இனிப்பு இருக்கு, கூடவே சுண்ணாம்புக் காரம் நாக்கைப் பிடிச்சது. தேசிக்காய் பிழிஞ்சால் காரம் போகுமோ?

மற்றது, சுண்ணாம்பு போடாத பாதியை அம்மாவின்ரை தேத்தண்ணிக்கு விட்டன். முந்தி ரெண்டு கரண்டி சீனி போட்டுக் குடிச்சவா. அதே இனிப்புக்கு நாலு கரண்டி சாறு தேவைப்பட்டது. நாலு கரண்டி விட்டால் தேத்தண்ணியிலை புல் வாசம். ஒரு வாய் குடிச்சிட்டுத் தள்ளி வைச்சிட்டா.

ஓய்வுபெற்ற இரசாயனி, 2024 பெப்ரவரி 12

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். சுண்ணாம்பு போட்ட பாதியைப் பார்வைக்கு மட்டும் வைத்திருங்கள், குடிக்க வேண்டாம். தேசிக்காய் காரத்தை ஆற்றும், ஆனால் கல்சியம் நீரிலேயே நிற்கும். தொழிற்சாலையில் அதை எடுக்கத் தனி ரெசின் உண்டு. நிறம் கடுத்ததும் இயல்பு, இலையில் உள்ள நிறப்பொருட்கள் சுண்ணாம்புக் காரத்தில் மஞ்சளாகத் தூக்கும்.

இப்போது நாலு கரண்டிக் கணக்கு. நல்ல இலையில் காய்ந்த எடையில் பத்து வீதம் இனிப்பு என்று வைப்போம். உங்கள் 20 கிராமில் 2 கிராம். ஒருமுறை ஊறவைத்தால் அதில் ஐந்தில் நாலு பங்கு இறங்கும் என்று பிடித்தால் 1.6 கிராம். அது 400 மில்லியில் பரவினால் ஒரு மில்லிக்கு 4 மில்லிகிராம், ஒரு தேக்கரண்டிக்கு 20 மில்லிகிராம். சீனியைப் போல 200 மடங்கு இனிப்பு என்று பெருக்கினால் 4 கிராம் சீனி, அதாவது ஒரு மட்டக் கரண்டி. ஆக ஒரு கரண்டி சாறு ஒரு கரண்டி சீனிக்குச் சரியாக நிற்க வேணும்.

உங்களுக்கு இரண்டு மடங்கு தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் இலையில் ஐந்து வீதம்தான் இருந்திருக்கிறது. ஒன்று கேட்கிறேன், இலை உருவும்போது செடி பூத்திருந்ததா?

கோண்டாவில் மகள், 2024 பெப்ரவரி 12

பூத்திருந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூ, சாடி நிறைய. வடிவாயிருக்கெண்டு நான்தான் விட்டு வைச்சனான்.

ஓய்வுபெற்ற இரசாயனி, 2024 பெப்ரவரி 12

அதுதான் காரணம். பூக்கத் தொடங்கினால் இலையில் இனிப்பு குறையும். மொட்டு வைக்கிற தறுவாயில்தான் உச்சம், அறுவடை அப்போதுதான்.

இந்தச் செடியின் சொந்த இடம் பரகுவே. குவரானி மக்கள் இதை இனிப்பு மூலிகை என்று சொல்லி, தங்கள் மாத்தே பானத்துக்குப் போட்டவர்கள். 1899 இல் பெர்டோனி என்ற தாவரவியலாளர் இதற்கு விஞ்ஞான விவரணம் எழுதினார். அந்த ஊர்க் கோடையில் பகல் நீளம், பகல் நீண்டிருக்கும் வரை செடி இலை வைக்கும், குறுகினதும் பூக்கும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று முன் பின். எங்கள் செடிக்கு எப்போதும் பூக்காலம்தான். அதனால் நாங்கள் செடியை விட முந்தவேணும். நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், தழைத்து வரும்போது ஒவ்வொரு நாளும் நுனியைப் பாருங்கள். கடுகளவு மொட்டுத் தெரிந்தால் அன்றைக்கே வெட்டுங்கள்.

நல்லூர் பெரியப்பா, 2024 பெப்ரவரி 13

கிளினிக்கிலை கேட்டனான். குளிசையைக் குறைக்க வேண்டாமாம். இலை மெல்லுறதெண்டால் மெல்லுங்கோ, ஆனால் சீனி அளந்து பாருங்கோ எண்டு டொக்டர் பிள்ளை சொன்னது. பாதியாக்காமல் விட்டது நல்லதாப் போச்சு. பிள்ளை, உன்ரை செடியிலை ஒரு தடி தருவியோ?

மருந்துக்கடைத் தம்பி, 2024 பெப்ரவரி 16

அக்கா, உங்கடை பெட்டியின்ரை பின்பக்கத்தை வாசிச்சனீங்களோ? இண்டைக்குக் கடையிலை இருக்கிற மூண்டு வகையையும் எடுத்துப் பார்த்தன். உள்ளடக்கத்தை நிறை கூடினதிலை இருந்து குறைஞ்சதுக்கு வரிசையா எழுத வேணும். ஒண்டிலும் ஸ்டீவியா முதல் இல்லை. ஒண்டிலை எரித்ரிட்டோல் முதல், ஒண்டிலை டெக்ஸ்ட்ரோஸ், மற்றதிலை மோல்ட்டோடெக்ஸ்ட்ரின்.

கோண்டாவில் மகள், 2024 பெப்ரவரி 16

மூக்குக் கண்ணாடி போட்டு, கைத்தொலைபேசியிலை படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பார்த்தன். முதல் டெக்ஸ்ட்ரோஸ், பிறகு ஸ்டீவியோல் கிளைக்கோசைட்டு எண்ட ஸ்டீவியா இனிப்பு. டெக்ஸ்ட்ரோஸ் எண்டால் குளுக்கோஸ்தானே!

ஒரு பைக்கெற் ஒரு கிராம். அது ரெண்டு கரண்டி சீனிக்குச் சமன் எண்டு எழுதியிருக்கு. ஐயாவின்ரை மாதிரி நானும் கணக்குப் போட்டன். ரெண்டு கரண்டி சீனி 8 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் சீனியை விட இனிப்புக் குறைவு, ஒரு கிராம் போட்டால் முக்கால் கிராம் சீனியளவு வருமெண்டு வைப்பம். மிச்சம் ஏழு கிராமளவு இனிப்பை ஸ்டீவியா குடுக்க வேணும். 200 தொடக்கம் 250 மடங்கு எண்டால் 30 மில்லிகிராமுக்குக் கிட்ட. ஒரு கிராமிலை 30 மில்லிகிராம், நூறுக்கு மூண்டு.

நான் ரெண்டு கிழமையா அந்த மூண்டு பங்கு இயற்கையோ இல்லையோ எண்டு சண்டை பிடிச்சிருக்கிறன். மற்றத் தொண்ணூத்தியேழு பங்கைப் பார்க்கவே இல்லை. அம்மா ஒரு நாளைக்கு நாலு பைக்கெற் போடுறவா. நாலு கிராம் குளுக்கோஸ். ஒரு கரண்டி சீனியளவு. அதாலை பெரிய கெடுதி வராமல் இருக்கலாம், ஆனால் சீனி வருத்தக்காரருக்கு எண்டு விக்கிற சாமானிலை இலைப் படத்தைப் பெரிசாப் போட்டுட்டு இதைக் கடுகு எழுத்திலை ஒளிச்சு வைச்சிருக்கினம். எனக்குச் சரியான கோவம்.

ஓய்வுபெற்ற இரசாயனி, 2024 பெப்ரவரி 17

கோவம் நியாயம். நிரப்புப் பொருள் போடுவதற்குக் காரணம் உண்டு. 30 மில்லிகிராம் என்பது சில உப்புக் கல்லளவு, அதைக் கரண்டியால் அள்ள முடியாது. எரித்ரிட்டோல் போட்ட பெட்டியை எடுங்கள், அது இரத்தச் சீனியை ஏற்றாது. அதுவும் இலையில் இருந்து வருவது இல்லை, குளுக்கோஸை நுண்ணுயிர் கொண்டு புளிக்கவைத்து எடுப்பது. அதையும் தெரிந்தே வாங்குங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லவேணும். இலையில் பலவகை இனிப்புகள் உண்டு. அதிகம் இருப்பது ஸ்டீவியோசைட், அதற்குத்தான் கசப்பு இழுவை கூட. நாக்கில் கசப்பை உணரும் இடங்களையும் அது தட்டும். ரெபோடியோசைட் ஏ என்பதில் ஒரு குளுக்கோஸ் கூட, கசப்புக் குறைவு. ரெபோடியோசைட் எம் என்று ஒன்று உண்டு, அதில் ஆறு குளுக்கோஸ், சீனிக்கு மிகக் கிட்டின சுவை. ஆனால் இலையில் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இலையில் இருந்து எடுத்துக் கட்டாது. அதனால் இலையில் எடுத்த மற்ற இனிப்புகளுக்கு நொதியம் கொண்டு குளுக்கோஸ் ஒட்டுகிறார்கள். இல்லாவிட்டால் மரபணு மாற்றின மதுவத்துக்குச் சர்க்கரை ஊட்டித் தொட்டியில் உண்டாக்குகிறார்கள். மதுவத்தில் வருவது இலையைக் கண்டதே இல்லை. மூலக்கூறு அச்சொட்டாக அதேதான்.

ஐரோப்பாவில் இலையில் எடுத்ததற்கு 960 ஏ என்றும், நொதியத்தால் ஆக்கினதற்கு 960 சி என்றும் தனித்தனி உணவுச் சேர்க்கை இலக்கம். எல்லா நாட்டுப் பெட்டியிலும் அந்தப் பிரிவு தெரியாது.

வடமராட்சிப் பனை, 2024 பெப்ரவரி 18

அப்ப ஐயா, இலையில் எடுத்தது இயற்கை, மதுவத்தில் எடுத்தது செயற்கை. முடிஞ்சுது.

ஓய்வுபெற்ற இரசாயனி, 2024 பெப்ரவரி 18

அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கள்ளும் மதுவத்தின் வேலைதானே. என் கணக்கில் கேள்வி இரண்டு. மூலக்கூறைச் செடி ஆக்கினதா? ஆம் என்றால் அந்த மூலக்கூறு இயற்கை. பிரித்தெடுத்த தூள் இயற்கை உணவா? அதற்கு நான் இல்லை என்பேன், வெள்ளைச் சீனிக்கும் அதே பதில்தான் சொல்வேன். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இதை ஏற்கமாட்டார்கள்.

மருந்துக்கடைத் தம்பி, 2024 பெப்ரவரி 19

அப்ப இலையையே பாவிக்கலாமே? அதுதானே கலப்பில்லாத இயற்கை.

ஓய்வுபெற்ற இரசாயனி, 2024 பெப்ரவரி 20

பலரும் இடறுகிற இடம் இது. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2008 இல் தூய ரெபோடியோசைட் ஏ இற்கு ஆட்சேபம் இல்லை என்றது. முழு இலைக்கும் சுத்திகரிக்காத சாறுக்கும் இனிப்பூட்டியாக இன்னும் அந்த ஏற்பு இல்லை. பரிசோதித்து அளவு நிர்ணயித்தது 95 வீதத் தூய பொருளுக்குத்தான். இலையில் கூட இருக்கிற மற்ற நூறு பொருட்களுக்கு அந்தச் சோதனை போதாது என்பது காரணம். பரகுவேயில் தலைமுறை தலைமுறையாக இலை பாவித்தவர்கள், சாடியில் நாலு இலை கிள்ளித் தேநீரில் போடுவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் சோதித்த பொருள் எது என்று கேட்டால் அது வெள்ளைத் தூள்தான்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். உடல் நிறை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிகிராம், ஸ்டீவியோல் என்று கணக்கிட்டு. குளுக்கோஸ் கைகளைக் கழற்றினால் மிஞ்சுகிற நடு உடம்புதான் ஸ்டீவியோல். பெருங்குடல் பக்டீரியா அதைத்தான் செய்கிறது, பிறகு ஈரல் வழியாகச் சிறுநீரில் போய்விடும். தங்கச்சி, அம்மா எத்தனை கிலோ?

கோண்டாவில் மகள், 2024 பெப்ரவரி 20

52.

ஓய்வுபெற்ற இரசாயனி, 2024 பெப்ரவரி 20

208 மில்லிகிராம் ஸ்டீவியோல். ஸ்டீவியோசைட்டின் நிறையில் அது ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே 500 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஸ்டீவியோசைட், இருபது கரண்டிக்கு மேலான சீனியின் இனிப்பு. நாலு பைக்கெற்றில் 120 மில்லிகிராம். பயப்பட ஒன்றும் இல்லை.

கோண்டாவில் மகள், 2024 பெப்ரவரி 25

பெட்டியை மாத்திட்டன், எரித்ரிட்டோல் போட்டது. அம்மா குடிச்சிட்டு "வாய்க்குள்ளை குளிருது" எண்டா. பிறகு பழகிட்டா.

முதல் நாள் நான் எழுதினதைத் திரும்ப வாசிச்சன். "வெளுத்திருக்கினம்" எண்டது பிழை. "இயற்கை எண்டு சொல்லக்கூடாது" எண்டதை இப்பவும் முழுசா விடேல்லை. பெட்டியின்ரை தொண்ணூத்தியேழு பங்கு ஒரு காலமும் அந்த இலைக்குள்ளை இருக்கேல்லை, அப்ப அந்த இலைப் படத்துக்கு அங்கை இடமில்லை. மிச்ச மூண்டு பங்குக்கு ஐயா சொன்னதை ஏற்கிறன், என்ரை யன்னல்லை தெளிஞ்ச போத்தலைக் கண்ட பிறகு ஏற்காமல் இருக்கேலாது.

செடியைப் போன ஞாயிறு ஒரு சாண் விட்டு வெட்டினன். வெட்டின தடியிலை ஆறை மணல் கலந்த செம்மண்ணிலை ஊண்டி வைச்சிருக்கிறன்.

கோண்டாவில் மகள், 2024 ஏப்ரல் 9

ஞாயிறு காலமை நுனியிலை கடுகளவு மொட்டுக் கண்டன், பின்னேரமே வெட்டிட்டன். வெயில் கொழுத்திறதாலை ஒண்டரை நாளிலை மொறுமொறு எண்டு காய்ஞ்சுது. போன முறை மாதிரியே 20 கிராம், 400 மில்லி, ஒரு மணித்தியாலம். இந்த முறை கை சுடுற தண்ணிதான், கொதிக்க விடேல்லை. நிறம் முந்தினதை விட வெளிறல்.

ரெண்டு கரண்டி சீனிக்கு ரெண்டரைக் கரண்டி சாறு போதுமா இருந்தது. நாலு இல்லை. ஐயாவின்ரை கணக்குப்படி எட்டு வீதம் வருகுது. அம்மா இந்த முறை கோப்பையைத் தள்ளி வைக்கேல்லை, ஆனால் "தொண்டையிலை இன்னும் அது நிக்குது" எண்டு சொன்னவா. அந்த இழுவை மட்டும் வீட்டிலை போக்க வழி இருக்கோ, ஐயா? தேசிப்புளி ரெண்டு துளி விட்டால் கொஞ்சம் மறையுது, ஆனால் பால்த் தேத்தண்ணிக்கு அது சரிவராது.

ஊண்டின ஆறு தடியிலை நாலு பிடிச்சிருக்கு. பெரியப்பா, ஒண்டு உங்களுக்கு. கொக்குவிலுக்கு ஒண்டு. தம்பி, பனை அண்ணை, மற்ற ரெண்டையும் கேட்டால் தருவன், கேக்காட்டி என்ரை சாடிக்கு.